கழிக்க முடியாத நஷ்டம்

மாஸ்டருக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தது மாஸ்டரேதான். வேறு யாரும் முன்வரவில்லை.

டயர் கடைக்கு மேலே மாடியில் அவருக்கு இரண்டு அறைகள். முன்னறையில் வார நாள்களில் பங்குத் தரகு வேலை நடக்கும். மூன்று கணினிகளும் ஒரு மின்விசிறியும் ஓடும். பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் மாஸ்டர் ஓடுவார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று, பணம் சம்பாதிப்பது எப்படி என்று வகுப்பெடுப்பார். முதல் வகுப்பு இலவசம். அதில் அவர் தன்னைப் பற்றி மட்டும்தான் பேசுவார் என்பதால் காசு வாங்க அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கலாம்.

பங்குச் சந்தை வகுப்பு ஒருகாலத்தில் நன்றாகத்தான் போனது. பிறகு ஆளாளுக்கு ஃபோனிலேயே கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் நாற்காலிகள் காலியாகின. டிஜிட்டல் காசு வந்து மாஸ்டரைக் காப்பாற்றியது. 'காயின் வகுப்பு' என்று வாசலில் எழுதிப் போட்ட வாரமே பின்னறை நிரம்பிவிட்டது. டயர் கடைக்காரரிடம் நாற்காலி கடன் வாங்க வேண்டியிருந்தது.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு காயின்கூட வாங்கியதில்லை. பயம். சமையல்காரர் தான் சமைத்ததைச் சாப்பிடாமல் வீட்டிலிருந்து டிபன் கொண்டு வருவது மாதிரி, தன் பணத்தை அவர் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டிருந்தார். இது யாருக்கும் தெரியாது. கேட்டால், "நான் உள்ள இறங்கினா மார்க்கெட்டே ஆடிடும்" என்பார்.

வாங்கியது அவருடைய அக்கா.

அக்காவும் அத்தானும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். இரண்டு கார்களும் ஒரு கொட்டகையும் சொந்தம். காலையில் கொஞ்ச நேரம் வாடகைக்கு எடுக்கும் மைதானம் ஒன்று. மூன்றாவதாக ஒரு கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த ஆறு லட்சத்தை, "சும்மா தூங்குதேக்கா அது" என்று மாஸ்டர்தான் எழுப்பிவிட்டார். இரண்டு லட்சத்துக்கு முயல் என்றொரு காயின். நாலு லட்சத்துக்கு நட்சத்திரம் என்றொரு காயின். பெயர்களைப் பார்த்துவிட்டு அத்தான், "இது முதலீடா, பாலர் பள்ளி அட்மிஷனா?" என்று கேட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

முயல் ஓடியது. இரண்டு லட்சம் ஐந்து லட்சமானது. மாஸ்டர் விற்கச் சொன்னார், அக்கா விற்றாள், மூன்று லட்சம் லாபம். அந்த மாதம் முழுக்க மாஸ்டர் அக்கா வீட்டுக்குள் நுழையும்போது கதவு கொஞ்சம் அகலம் போதாமல் இருந்தது.

நட்சத்திரமோ விழுந்தது. நாலு லட்சம் ஒரு லட்சமாகி, அங்கேயே படுத்துக்கொண்டது.

கணக்கு வருடம் முடியப் போகும் வாரத்தில் மாஸ்டர் அக்காவுக்கு ஃபோன் செய்தார்.

"அக்கா, நட்சத்திரத்தை வித்துடு."

"இப்பவாடா? அடிமட்டத்துல கிடக்கே. கொஞ்ச நாள் இருக்கட்டுமே, எந்திரிச்சாலும் எந்திரிக்கும்."

"நீ காரை ரிவர்ஸ் எடுக்கறதைப் பாரு, இதை என்கிட்ட விடு. முயல்ல உனக்கு மூணு லட்சம் லாபம். அதுக்கு வரி முப்பது சதவீதம். இதுல மூணு லட்சம் நஷ்டத்தைக் காட்டிட்டா, கூட்டிக் கழிச்சுப் பார்த்தா என்ன?"

"என்ன?"

"பூஜ்யம். பூஜ்யத்துக்கு வரி எவ்வளவு?"

"பூஜ்யம்."

"இதுக்குத்தான் என்னை மாஸ்டர்ங்கறாங்க."

பங்குகளில் இது தப்பே இல்லாத வைத்தியம். லாபத்தில் விற்ற பங்குக்கு வரி வரும்போது, நஷ்டத்தில் கிடக்கும் பங்கையும் விற்று, லாபத்திலிருந்து நஷ்டத்தைக் கழித்துக்கொள்வார்கள். இருபது வருடங்களாக ஒவ்வொரு வருடக் கடைசியிலும் மாஸ்டர் எழுதிக் கொடுத்து வரும் மருந்துச்சீட்டு அது. இந்த முறை நோயாளி வேறு என்பதுதான் அவர் கவனிக்காதது. காயின் வகுப்பிலும் அதே சீட்டைப் பலகையில் பெரிதாக எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

அக்கா ஒரு லட்சத்துக்கு விற்றாள். போட்ட ஆறு லட்சம், வந்த ஆறு லட்சம். அதில் மூன்றாவது காரும் வந்தது.

*

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்தது. ஆடிட்டர் அம்மாவின் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைக்காத காலம் அது. மாஸ்டர் வரிசையில் உட்காரவில்லை. "நான் உள்ளதான் இருப்பேன்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்காவின் காயின் விற்பனைப் பட்டியலை மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டார்.

"மேடம், நம்ம அக்காவோடது. சிம்பிள் கேஸ். லாபம் மூணு, நஷ்டம் மூணு. நிகரம் இல்லைன்னு போட்டுடுங்க. அப்புறம் விக்கறப்ப எல்லாம் ஒரு சதவீதம் வரி பிடிச்சிருக்கான், மொத்தம் ஆறாயிரம். அதைத் திருப்பி வாங்கிடலாம்."

ஆடிட்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு நாளில் இருபது பேருக்குக் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லி அவருக்கு முகம் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

"மாஸ்டர், இது பங்கு இல்லையே."

"தெரியும் மேடம். டிஜிட்டல் அசெட்."

"அதுல நஷ்டத்தைக் கழிக்க முடியாதே."

மாஸ்டர் புன்னகைத்தார். மாணவர்கள் தப்பாகப் பதில் சொல்லும்போது அவர் செய்யும் புன்னகை. "ஒரு காயின் லாபத்துல இன்னொரு காயின் நஷ்டத்தைத்தானே கழிக்கறோம். ரெண்டும் ஒரே ஜாதி."

"ஒரே ஜாதியா இருந்தாலும் முடியாது. ஒவ்வொண்ணும் தனித்தனி. முயல்ல மூணு லட்சம் லாபமா? அதுக்கு முப்பது சதவீதம் கட்டணும். நட்சத்திரத்துல மூணு லட்சம் நஷ்டமா? பாவம்னு சொல்லலாம். சட்டத்துல அதுக்குமேல ஒண்ணும் கிடையாது."

"டிரைவிங் ஸ்கூல் வருமானத்துல கழிச்சுக்கலாம்ல?"

"முடியாது."

"சரி, அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போயி..."

"அதுவும் முடியாது. இங்கயே செத்துடும். கழிக்க விடறது ஒண்ணே ஒண்ணு, அந்தக் காயினை வாங்கின விலை. மத்தபடி கமிஷன், இன்டர்நெட் செலவு, உங்க வகுப்புக்குக் கட்டின ஃபீஸ், எதுவும் கிடையாது."

மாஸ்டரின் மேல்கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது எப்ப மாத்தினாங்க மேடம்?"

"மாத்தவே இல்ல. இந்த வரியைக் கொண்டு வந்த அன்னிக்கே இதையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தாங்க. ஒரே பத்திதான். நீங்க முப்பதுங்கற வரைக்கும் படிச்சுட்டு நிறுத்திட்டீங்க போல."

வெளியே யாரோ இருமினார்கள். ஆடிட்டர் அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். "மூணு லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம். அதுமேல நாலு சதவீதம் செஸ், மூவாயிரத்து அறுநூறு. ஏற்கெனவே பிடிச்ச ஆறாயிரத்தைக் கழிச்சா எண்பத்தேழாயிரத்து அறுநூறு. வருஷத்துக்குள்ளயே முன்கூட்டிக் கட்டாததுக்கு வட்டி தனி."

"நான் விக்கச் சொன்னதாலதானே இவ்வளவு..."

"அதான் இல்ல." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வரி முயலுக்கு. நீங்க நட்சத்திரத்தை வித்தாலும் விக்கலைன்னாலும் இதே வரிதான் வந்திருக்கும். நீங்க வித்ததால வரில ஒரு பைசா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அடிமாட்டு விலைக்கு வித்தது மட்டும்தான் மிச்சம். அது இப்ப என்ன விலை, பார்த்தீங்களா?"

மாஸ்டர் பார்த்திருந்தார். விற்ற நாளிலிருந்து தினமும் பார்க்கிறார். நட்சத்திரம் எழுந்துவிட்டது. அக்காவிடம் இருந்த அதே அளவு இன்று மூன்றேகால் லட்சம் போகும்.

"கவனிக்கலை மேடம்" என்றார்.

வெளியே வரும்போது காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "மாஸ்டர் சார்! உங்க வீடியோ பார்த்திருக்கேன்" என்று கை நீட்டினார். மாஸ்டர் கையைக் கொடுத்தார். முதல் தடவையாக அதை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

பயிற்சி மைதானத்துக்கு ஆட்டோவில் போகும்போது மாஸ்டர் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். 'அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன்.' ஐந்து வார்த்தைகள்கூட இல்லை. மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடிய மனிதருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

அக்கா புதுக் காரில் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. "சார், தீர்ப்பு அப்புறம் சொல்லலாம், முதல்ல கிளட்ச்சை மிதிங்க" என்று அக்காவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. தம்பியைப் பார்த்ததும் இறங்கி வந்தாள்.

"என்னடா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? பூஜ்யம்தானே?"

கொட்டகைக்குள்ளிருந்து அத்தானும் வந்துவிட்டார். கையில் டீ. அத்தான் வந்ததுதான் கெடுத்தது என்று மாஸ்டர் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தான் வராவிட்டாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

"கவர்மென்ட்டு கழுத்தறுத்துட்டான்க்கா" என்றார் மாஸ்டர். "நடுவுல விதியை மாத்திட்டான். நஷ்டத்தைக் கழிக்கக் கூடாதாம். எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் கட்டணும்."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அது எப்படிடா? போட்டது ஆறு, வந்தது ஆறு. சம்பாதிக்காத காசுக்கு வரியா?"

"அதான் அநியாயம்ங்கறேன்."

"மச்சான்," அத்தான் டீயை ஊதினார், "விதியை மாத்தினாங்களா, இல்ல நீங்க படிக்காம விட்டீங்களா?"

"ஏங்க, சும்மா இருங்க" என்று அக்கா திரும்பினாள். "அவன் என்ன பண்ணுவான்? அவன் பாட்டுக்குச் சரியாத்தான் சொன்னான். மேல இருக்கறவன் மாத்தினா அதுக்கு இவனா பொறுப்பு? எங்க வீட்டு ஆளுன்னா உங்களுக்கு எப்பவும் ஒரு இளக்காரம்."

"நான் கேட்டது ஒரு கேள்வி."

"அது கேள்வி இல்ல. குத்தல்."

அத்தான் டீயோடு உள்ளே போய்விட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே சுண்ணாம்பில் எட்டு போட்டிருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அவள் தன்னைக் காப்பாற்றுவாள் என்று தோன்றவே இல்லை.

"அக்கா, அந்த வரியை நான்..."

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. இன்ஷூரன்ஸ் கட்ட வெச்சிருக்கறதை எடுத்துக்கறேன், அப்புறம் பாத்துக்கலாம்." அவள் புடவை முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "ஆமா, உன் வகுப்புல இருக்கறவங்களும் இதே மாதிரி வித்திருப்பாங்கள்ல?"

"இருப்பாங்க."

"உன்னைத்தானே கரிச்சுக் கொட்டுவாங்க? சனிக்கிழமை நான் வரேன். நானே சொல்றேன் அவங்ககிட்ட. பாதிக்கப்பட்டவ நான் சொன்னா நம்புவாங்க."

"அதெல்லாம் வேண்டாம்க்கா."

"நீ வாயை மூடு. உனக்கு விட்டுக்கொடுத்துப் பேசத்தான் தெரியும்."

மாஸ்டரைப் பற்றி உலகத்தில் அப்படி நினைத்த ஒரே ஆள் அவள்தான்.

*

சனிக்கிழமை பின்னறை நிரம்பியிருந்தது. வழக்கமாக முன்வரிசை காலியாக இருக்கும்; அன்று அதிலும் ஆள்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. பல் டாக்டர் ஒருவர், செல்ஃபோன் கடைக்காரர் இருவர், கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஒரு பெண்மணி, லாரி முதலாளி. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாஸ்டருக்குப் பதில் சொல்லத் தெரியும். மடியில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

அக்கா வெளியூர் கல்யாணத்துக்குப் போகும்போது கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அத்தான் கீழே காரில் இருந்தார். மாடி ஏறினால் மூட்டு வலிக்கும் என்றார். மாஸ்டர், "இன்னிக்கு நம்ம..." என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா வெள்ளைப் பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். பலகையில் போன வகுப்பில் எழுதிய 'துணிவே மூலதனம்' அரைகுறையாக அழிந்திருந்தது.

"வணக்கம். நான் இவனோட அக்கா. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கமில்ல, பக்கத்து சீட்டுல உட்கார்ந்து கத்தித்தான் பழக்கம்."

சிலர் சிரித்தார்கள். அக்காவுக்குத் தைரியம் வந்தது.

"எனக்கு ஒண்ணுல மூணு லட்சம் லாபம், ஒண்ணுல மூணு லட்சம் நஷ்டம். கையில மிஞ்சினது எதுவும் இல்ல. ஆனா லாபத்துக்கு மட்டும் தனியா வரி கட்டுன்னு சொல்லிட்டாங்க. நஷ்டத்தைக் கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்களாம். உங்கள்ல நிறையப் பேருக்கும் அப்படித்தான் வரும். வந்தா என் தம்பியைத் திட்டாதீங்க. அவன் சொன்னப்ப அது சரியாத்தான் இருந்துது. நடுவுல விதியை மாத்திட்டாங்க. நான் பச்சை விளக்குலதான் தாண்டினேன். தாண்டி முடிச்சப்புறம் சிகப்பைப் போட்டுட்டு, வா, வந்து அபராதம் கட்டுன்னா அது ஓட்டினவ தப்பா, பக்கத்துல உட்கார்ந்து போன்னு சொன்னவன் தப்பா?"

லாரி முதலாளி, "கரெக்ட்டும்மா" என்றார். பின்னாலிருந்து யாரோ கைதட்ட, அது அறை முழுக்கப் பரவியது. வேதியியல் பெண்மணி அக்காவின் பக்கம் தலையசைத்தார். மாஸ்டர் சுவரோரமாக நின்றிருந்தார். இந்த அறையில் இதுவரை அவருக்கு விழுந்த கைதட்டல்களிலேயே பெரியது இதுதான்.

பல் டாக்டர் கை தூக்கினார். மரியாதையான மனிதர், நோயாளியின் வாய்க்குள்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

"மேடம், ஒரு சந்தேகம். எந்தத் தேதில மாத்தினாங்க? நானும் நஷ்டத்துல வித்திருக்கேன். நான் வித்தது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பார்க்கணும். முன்னாடின்னா ஒருவேளை தப்பிச்சுக்கலாம் பாருங்க."

"நல்ல கேள்வி" என்றாள் அக்கா. சுவர்ப் பக்கம் திரும்பினாள். "தேதியைச் சொல்லுடா. எல்லாரும் குறிச்சுக்கட்டும்."

நாலைந்து பேர் நிஜமாகவே பேனாவை எடுத்தார்கள்.

ஒரு தேதியைச் சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் நினைக்காமல் இல்லை. நினைத்தார். ஒரு மாதத்தின் பெயர்கூட நாக்கு நுனிவரை வந்தது. பொய்க்குத் தேதி போட்டுவிட்டால் அது தஸ்தாவேஜு ஆகிவிடும். திங்கட்கிழமை இவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு ஆடிட்டரிடம் போவார்கள். அக்காவோ முகத்தில் ஒரு சின்னப் பெருமையோடு காத்திருந்தாள். பிள்ளை மேடையில் ஒப்பிப்பதற்காகக் கீழே உட்கார்ந்து வாயசைக்கும் தாயைப் போல.

"மாத்தல" என்றார்.

"சத்தமாச் சொல்லு, பின்னாடி கேட்கலை."

"விதியை மாத்தல. இந்த வரி வந்ததுலேர்ந்தே அப்படித்தான். நஷ்டத்தைக் கழிக்கவே முடியாது. எதுலயும் முடியாது. நான்... பங்கு மாதிரியே இருக்கும்னு நினைச்சுட்டேன். படிக்கலை."

டயர் கடையில் யாரோ ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் தரை வழியாக ஏறி வந்தது.

பல் டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நான் வித்தது?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. அவரே, "சும்மா வித்தேன், இல்லையா?" என்று முடித்துக்கொண்டார்.

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். அவள் முகம் சிவக்கவில்லை, சுருங்கவில்லை. பலகைக்கு முன்னால், கைதட்டல் வாங்கிய அதே இடத்தில், எப்படி அங்கிருந்து நகர்வது என்று தெரியாமல் நின்றாள். கல்யாணப் புடவையின் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகு, "மன்னிச்சுக்குங்க" என்றாள். அவளுக்கு அதைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அந்த அறையில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது அவள்தான்.

*

மாடிப்படியில் பாதியில் மாஸ்டர் அவளைப் பிடித்தார். ரப்பர் வாடை. அவள் கைப்பிடியைப் பற்றியபடி நின்றாள், திரும்பவில்லை.

"அக்கா."

"என்னை ஏன்டா பேச விட்டே?"

"வேண்டாம்னு சொன்னேனேக்கா."

"சொன்னே. ஏன்னு சொன்னியா?"

பதிலுக்குப் பதிலாக அவரிடம் ஒரு தியாகம் இருந்தது. அன்று மைதானத்திலேயே சொல்ல ஆரம்பித்து நின்றுபோனது. நெஞ்சை நிமிர்த்தினார். "அந்த வரி முழுக்க நான் கட்டறேன்க்கா. எண்பத்தேழாயிரத்து அறுநூறு, வட்டியோட. நாளைக்கே. என்னால வந்ததுக்கு நான்தான் கட்டணும்."

அக்கா திரும்பினாள். கண் ஓரம் கொஞ்சம் இளகியது. அந்த இளகலிலேயே விட்டிருக்கலாம். ஆனால் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஆள் எதைப் பார்க்காமல் ஓட்டுகிறான் என்று கவனித்துக்கொண்டே இருப்பாள்.

"அன்னிக்கு நான் நட்சத்திரத்தை விக்காம வெச்சிருந்தா, வரி இதைவிட ஜாஸ்தி வந்திருக்குமா?"

மாஸ்டர் கைப்பிடிச் சுவரைச் சுரண்டினார்.

"கேட்கறேன்ல?"

"இல்லக்கா. இதே வரிதான்."

"கம்மி?"

"கம்மியும் இல்ல. இதேதான்."

"அப்ப வரி எப்படியும் என்னோடது. முயல்ல நான் சம்பாதிச்சதுக்கு. அதை நீ எதுக்குக் கட்டறே?" அவள் ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னாள். "நட்சத்திரத்தை எதுக்குடா வித்தோம்?"

மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"இப்ப அது என்ன விலைடா?"

கவனிக்கலை என்பது வாய் வரை வந்தது. அந்தப் பொய்யை ஆடிட்டரிடமே செலவழித்துவிட்டிருந்தார்.

"மூணேகால்" என்றார்.

அக்கா கணக்குப் போட்டாள், உதடு அசைந்தது. ஒரு லட்சத்துக்கு விற்றது. மூன்றேகால். மிச்சத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி கொடுக்க வந்த பெரிய மனசு அந்த மிச்சத்தில் பாதிகூட இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"சரி, வா" என்றாள். "அவர் காத்துட்டிருக்கார்."

"நான் மேல போயி அவங்ககிட்ட..."

"மேல போயி என்ன கிழிக்கப் போறே? அவங்க இறங்கி வரதுக்குள்ள வா. என்னால அவங்க முகத்துல முழிக்க முடியாது."

கீழே புதுக் கார் நின்றது. அத்தான் வானொலியை அணைத்துவிட்டு எட்டிக் கதவைத் திறந்தார். அக்கா முன்னால் ஏறினாள். மாஸ்டர் பின்னால். வாடிக்கையாக அவர்தான் முன்னால் உட்காருவார், சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டு.

"என்ன, கூட்டம் எப்படி? மேலேருந்து கைதட்டின சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது" என்றார் அத்தான்.

அக்கா பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மாட்ட அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"நல்லாத்தான் நடந்துது. எல்லாருக்கும் இதே கதைதான். திடீர்னு விதியை மாத்திட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

மாஸ்டர் தலையைத் தூக்கினார். அவளுடைய கழுத்தின் பின்புறம் மட்டும்தான் தெரிந்தது. அது நேராக, அசையாமல் இருந்தது. அவருக்காகத்தான் சொன்னாளா, கட்டிய கணவனிடம் தன் வீட்டு ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாளா, இல்லை, மேலே அந்தப் பலகைக்கு முன்னால் நின்றதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லக் கூசினாளா, தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

அத்தான் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாக மாஸ்டரைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு தடவையும் மச்சானைக் கிண்டல் செய்யாமல் பார்த்திராத மனிதர்.

"மச்சான், அன்னிக்கு மைதானத்துல உங்களை நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். படிக்காம விட்டீங்களான்னு எல்லாம் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

டயர் கடையின் பக்கவாட்டுக் கதவு வழியாக வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பல் டாக்டர் காரைக் கண்டுகொண்டு, அக்காவுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடந்தார். அக்கா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"மச்சான்?" என்றார் அத்தான். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசும் வாய்.

"பரவாயில்ல அத்தான்" என்றார்.